விழித்தெழும்போது பாரிசவாதம் கண்ட நோயாளிகளுக்கு உடனடி எம்ஆர்ஐ எடுக்கக் கோரும் மூன்றாவது மனு

மதிப்புக்குரிய சுகாதாரப் பணிப்பாளர் ஐயா அவர்கட்கு,

இதே விடயமாகப் பதிவுத்தபாலில் இரண்டு கடிதம் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. நான் 26 வருடம் ரேடியோகிராபராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆகவே கோபத்தில் எழுதுகிறேன் என்று ஒதுக்கிவிடாமல் படிக்கும்படி பணிவாகக் கேட்கிறேன்.

1. என் மனைவி இரவு பத்து மணிக்கு நல்ல சுகத்தோடு படுத்தவர். விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டப் போனபோது தீப்பெட்டி வலது கையில் நிற்கவில்லை, கதையும் குளறியது. கொக்கட்டிச்சோலையில் இருந்து மண்முனைப் பாலம் தாண்டி ஆட்டோவில் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்க்க ஆறேகால் ஆகிவிட்டது. பாலம் வருமுன் ஓடத்துக்குக் காத்து நின்ற காலம் தங்களுக்கும் தெரியும். அந்தத் தாமதம் இப்போது இல்லை.

2. ஏழு மணிக்குள் சிடி எடுத்தார்கள். இரத்தக்கசிவு இல்லை, படம் சுத்தம். அதில் பிழை இல்லை. ஆனால் "சிடி நோர்மல், பயப்படாதீங்க" என்று சொன்னதுதான் பிழை. இரத்தம் போகாத மூளைக் கலத்தில் சோடியத்தை வெளியே தள்ளும் பம்பு சில நிமிடங்களில் நின்றுவிடும். வெளியே இருந்த நீர் கலத்துக்குள் போய்க் கலம் வீங்கும். நீர் இடம் மாறியிருக்கிறதே தவிர, மொத்த நீர் இன்னும் அவ்வளவாகக் கூடவில்லை. சிடி பார்ப்பது அடர்த்தியை. நீர் கூடிய பிறகுதான் அதில் கறுப்புத் தெரியும், அதற்குப் பல மணி நேரம் ஆகலாம். டிஃபியூஷன் எம்ஆர்ஐ பார்ப்பது நீரின் அசைவை. வீங்கிய கலங்களுக்குள்ளும் நெருங்கிப்போன இடுக்குகளிலும் நீர் தாராளமாக அசைய முடியாததால் அந்த இடம் வெள்ளையாக எரியும், நீர் எவ்வளவு அசைகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் ஏடிசி படத்தில் அதே இடம் கறுக்கும். அரை மணி நேரத்துக்குள்ளேயே தெரியக்கூடிய மாற்றம் இது.

3. இரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேர எல்லை. தூக்கத்தில் வந்தால் கடைசியாகச் சுகமாகக் கண்ட நேரத்திலிருந்துதான் கணக்கு, அதாவது இரவு பத்து. எனவே ஊசி இல்லை என்றார்கள். சரி, விதி அதுதான். ஆனால் இந்த இடத்தில்தான் எம்ஆர்ஐ மணிக்கூடு ஆகிறது, ஐயா! டிஃபியூஷனில் வெள்ளை தெரிந்து, கூடிய நீரை வெள்ளையாகக் காட்டும் ஃப்ளேர் என்ற இன்னொரு எம்ஆர்ஐ படத்தில் அதே இடம் இன்னும் வெளுக்கவில்லை என்றால் அடைப்பு பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் வந்ததே. ஃப்ளேர் வெளுக்கச் சில மணி நேரம் பிடிக்கும். இப்படித் தெரிவு செய்தவர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த ஐரோப்பிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. ஊசி பெற்றவர்களில் 53 வீதமானோர் நன்றாகத் தேறினர், பெறாதவர்களில் 42 வீதம். மூளையில் இரத்தக்கசிவு சற்றுக் கூடியதும் உண்மை, அதை மறைக்கவில்லை. வைத்தியர் நிறுத்துப் பார்க்கட்டும். நிறுக்கப் படம் வேண்டாமா?

4. எம்ஆர்ஐ மெஷின் அதே கட்டிடத்தில் இருந்தது. எங்களுக்குத் தந்தது ஒரு துண்டும் பத்தொன்பது நாள் கழித்த திகதியும். பத்தொன்பது நாள்! ஏடிசியின் கறுப்பு ஒரு கிழமை, பத்து நாளில் சாதாரணமாகி, பிறகு வெளுக்கவும் தொடங்கும். அன்று எடுத்த படத்தில் இடது பக்கம் வெள்ளை தெரிந்தது, ஏடிசியில் கறுப்பு இல்லை, ஃப்ளேர் முழுவதும் வெள்ளை. டிஃபியூஷனில் மிச்சமிருந்த வெள்ளைகூடப் பழைய வீக்கத்தின் ஒளி ஊடாக வருவதுதான். அடைப்பு வந்தது என்பதற்கு அது சாட்சி. எப்போது வந்தது என்று அது சொல்லாது, அந்த வேளை போய்விட்டது. அவர் இன்றைக்கும் கறிக்கு உப்புப் போட இடது கையைத்தான் நீட்டுகிறார். "தேத்தண்ணி" என்று சொல்ல வாய் எடுத்து, பாதியில் நிறுத்தி, என்னைப் பார்க்கிறார். பதில் எழுத ஒரு முத்திரை கூடவா தங்கள் கந்தோரில் இல்லை?

5. எல்லாருக்கும் எம்ஆர்ஐ கேட்கவில்லை. வந்த நேரம் தெரிந்து, சிடியில் கசிவு இல்லாவிட்டால் எம்ஆர்ஐக்காக ஊசியைத் தாமதிக்கவே கூடாது. டிஃபியூஷனும் தவறும். மூளைத்தண்டில் வரும் சிறிய அடைப்பு முதல் நாள் தெரியாமல் போகலாம். நான் கேட்பது தூக்கத்தில் வந்தவர்களுக்கும் நேரம் தெரியாதவர்களுக்கும் மட்டும். முழு ஸ்கேன் வேண்டாம், டிஃபியூஷனும் ஃப்ளேரும் போதும். உடம்பில் உலோகம், பேஸ்மேக்கர் உண்டா என்று கேட்டு, மேசையில் ஏற்றி இறக்கக் கால் மணி நேரம். படம் பிடிக்கும் நேரம் அதில் சில நிமிடங்களே.

6. இரவிலும் விடியலிலும் அழைத்தால் வர ஒரு ரேடியோகிராபரை ஒழுங்கு செய்யுங்கள். ஒருவர் போதும், ஐயா.

படுவான்கரையில் இன்று இரவும் யாராவது சுகமாகப் படுப்பார்கள். இந்த முறையாவது பதில் தரும்படி மீண்டும் தயவாய்க் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ரேடியோகிராபர்,
கொக்கட்டிச்சோலை.