புகார்: தியேட்டர் மோட் தானாக அணையாது, உங்கள் அட்டையைத் திருத்துங்கள்

கடை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் என் அப்பாவுக்காக உங்கள் கடையில் ஓர் ஆப்பிள் வாட்ச் வாங்கினேன். அப்பாவுக்கு 71 வயது, அங் மோ கியோவில் என்னோடு இருக்கிறார். எனக்கு சாங்கியில் இரவு வேலை என்பதால், கடிகாரத்தை முழுவதுமாக அமைத்துத் தரும் உங்கள் சேவைக்கு 45 வெள்ளி கட்டினேன். உங்கள் ஊழியர் பொறுமையாகத்தான் பேசினார். தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையும் கொடுத்தார். அதைப் பார்த்ததும் அப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த அட்டையைப் பற்றியும், ஊழியர் போனில் மாற்றி வைத்த ஓர் அமைப்பைப் பற்றியும்தான் இந்தப் புகார். கடிகாரத்தில் குறை எதுவும் இல்லை.

உங்கள் அட்டையில் இப்படி இருக்கிறது: “நிகழ்ச்சிக்குப் போகும்போது தியேட்டர் மோட் போடவும். கடிகாரம் முழு அமைதியாகிவிடும். நிகழ்ச்சி முடிந்ததும் தானாக அணைந்துவிடும்.” ஊழியரும் “அங்கிள், அப்புறம் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்” என்றார். இந்த மூன்று வாக்கியங்களில் கடைசி இரண்டும் தவறு.

இரண்டு வாரங்களுக்கு முன், சனிக்கிழமை, எஸ்பிளனேடில் நாட்டிய நிகழ்ச்சிக்கு அப்பாவை அழைத்துப் போனேன். அரங்கில் உட்கார்ந்ததும் அட்டையைப் பார்த்து, பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி, இரண்டு முகமூடி போட்ட சின்னத்தைத் தொட்டார். திரை இருண்டது. ஆனால் நிகழ்ச்சி முழுக்கக் கடிகாரம் அவர் மணிக்கட்டைத் தட்டிக்கொண்டே இருந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கல்யாணத் தேதி பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. ஒவ்வொரு செய்திக்கும் ஒரு தட்டு. நான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டேன் போலிருக்கிறது என்று அப்பா இடைவேளையில் வருத்தப்பட்டார். அவர் எதையும் தப்பாக அழுத்தவில்லை. தியேட்டர் மோட் செய்வது இவ்வளவுதான்: கையை உயர்த்தினால் திரை ஒளிராது, ஒலி எழாது. அறிவிப்புகள் வழக்கம்போல் வரும், அதிர்வும் வரும். அறிவிப்புகளை நிறுத்துவது Do Not Disturb, அதாவது பிறைச் சின்னம். அதற்கு நேர்மாறான குறை உண்டு: அதை மட்டும் போட்டால் கை உயரும்போது திரை ஒளிரும், அலாரமும் அடிக்கும். அரங்கில் உண்மையான அமைதி வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்துப் போட வேண்டும். உங்கள் அட்டையில் பிறைச் சின்னம் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதோடு போயிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்த அப்பா, அது தானாக அணைந்திருக்கும் என்று நம்பி, தூக்கத்தைக் கணக்கெடுப்பதற்காகக் கடிகாரத்தோடேயே படுத்துவிட்டார். தியேட்டர் மோடுக்கு நேரக்கணக்கே கிடையாது. நாமாக அந்தச் சின்னத்தை மறுபடி தொட்டு அணைக்கும்வரை அது அப்படியே இருக்கும். அது இருக்கும்வரை சைலண்ட் மோடும் கூடவே இருக்கும். காலை 6 மணிக்கு, வெறும் வயிற்றில் போட வேண்டிய தைராய்டு மாத்திரைக்காக அப்பா அலாரம் வைத்திருந்தார். சைலண்ட் மோட் இருந்ததால் அலாரம் ஒலிக்காமல் அதிர மட்டும் செய்தது. அப்பா பட்டையைத் தளர்வாகக் கட்டுபவர், அவருக்கு அது உறைக்கவே இல்லை. ஏழரைக்கு எழுந்து தேநீர் குடித்த பிறகுதான் மாத்திரை ஞாபகம் வந்தது.

மணி பார்க்கக் கையை உயர்த்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. பேட்டரி போய்விட்டது என்று நினைத்துச் சார்ஜரில் வைத்துவிட்டார். மதியம் ஒரு மணிக்கு, ரத்த அழுத்த மாத்திரைக்கான அலாரம் கூடத்தில் கணீரென்று அடித்தது! சார்ஜில் இருக்கும்போது சைலண்ட் மோட் போட்டிருந்தாலும் அலாரம் ஒலிக்கும். கடிகாரத்தின் இயல்பே அதுதான். எங்களுக்கு அது தெரியாது. சார்ஜ் ஏற்றியதும் சரியாகிவிட்டது என்று நினைத்தோம். கையில் கட்டியதும் மறுபடி இருட்டு.

திங்கட்கிழமை உங்கள் சேவை மேசைக்குக் கொண்டுவந்தோம். இங்கேதான் எனக்கு மனம் மிகவும் வலித்தது. திரையை விரலால் ஒருமுறை தொட்டிருந்தால் நேரம் தெரிந்திருக்கும், மேலே முகமூடிச் சின்னமும் தெரிந்திருக்கும். கையை உயர்த்தினால் இருட்டு, தொட்டால் ஒளி என்றால் முதலில் பார்க்க வேண்டியது அந்தச் சின்னத்தைத்தான். உங்கள் ஊழியர் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு, “பேட்டரி பலவீனமாக இருக்கலாம், விட்டுவிட்டுப் போங்கள்” என்றார். சோதனைக் கட்டணம் 30 வெள்ளி. மறுநாள் “கோளாறு இல்லை” என்ற சீட்டோடு கடிகாரம் திரும்பி வந்தது, தியேட்டர் மோட் அணைக்கப்படாமலேயே. அன்று மாலை எம்ஆர்டியில் தற்செயலாகத் திரையைத் தொட்டபோதுதான் நானே அந்தச் சின்னத்தைக் கண்டேன்.

அப்புறம், தூக்க அமைப்பு. உங்கள் ஊழியர் Sleep நேரத்தை இரவு 10 முதல் காலை 5.30 வரை வைத்திருந்தார், அது சரிதான். ஆனால் `Settings > Focus > Sleep > People` பகுதியில் ஒருவருடைய அழைப்புக்கும் அனுமதி இல்லை, Allow Repeated Calls என்பதும் அணைக்கப்பட்டிருந்தது. இது அப்பாவின் போனுக்கும் கடிகாரத்துக்கும் பொதுவான அமைப்பு, ஒன்று அமைதியானால் மற்றதும் அமைதியாகும். போன வாரம் வேலை சீக்கிரம் முடிந்து 12.40-க்கு வீட்டு வாசலில் நின்றேன். சாவி வேலையிட லாக்கரில். பக்கத்து வீட்டார் தூங்கும் நேரத்தில் கதவை இடிக்க மனம் வராமல், பத்து நிமிடத்தில் நான்கு முறை அப்பாவை அழைத்தேன். எதுவும் அடிக்கவில்லை. அந்த Allow Repeated Calls மட்டும் போட்டிருந்தால், மூன்று நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து வரும் இரண்டாவது அழைப்பு அமைதியைத் தாண்டி ஒலித்திருக்கும். நான் சாவி இல்லாமல் நின்றது பெரிதில்லை. மூத்தவர் ஒருவரின் போனை, மகள் அழைத்தாலும் ஒலிக்காதபடி பூட்டிவிட்டு அதை அவரிடம் சொல்லாமல் அனுப்பியதுதான் எனக்குப் பெரிது.

இப்போது எல்லாவற்றையும் நானே மாற்றிவிட்டேன். Sleep-இல் என் அழைப்புக்கும் அண்ணன் அழைப்புக்கும் அனுமதி கொடுத்து, Allow Repeated Calls-ஐப் போட்டுவிட்டேன். நிகழ்ச்சிக்குப் போனால் அப்பா முகமூடியையும் பிறையையும் சேர்த்துத் தொடுகிறார். பிறையில் ‘இந்த இடத்தைவிட்டுப் போகும்வரை’ என்ற தேர்வு இருக்கிறது, அரங்கைவிட்டு வெளியே வந்ததும் அது அணைந்துவிடும். முகமூடிக்கு அப்படி எதுவும் இல்லாததால், வீடு திரும்பும் நேரத்துக்கு ஓர் அலாரம் வைத்து, பட்டையை ஒரு துளை இறுக்கிக் கட்டுகிறார். அது அதிர்ந்ததும் முகமூடியை அணைக்கிறார். கால் மணி நேர வேலை. 45 வெள்ளிக்கு இதைத்தான் நாங்கள் எதிர்பார்த்தோம்.

நான் கேட்பவை இவை. தமிழ் அட்டையில் அந்த இரண்டு வாக்கியங்களையும் திருத்தி, ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்கும் திருத்திய அட்டையை அனுப்புங்கள். அப்பாவைப் போல எத்தனை பேர் அதை நம்பி அலாரம் வைத்திருக்கிறார்களோ. அமைப்புச் சேவைக்கு வருபவர்களிடம், இரவில் யாருடைய அழைப்பு ஒலிக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு Sleep-ஐப் போடச் சொல்லுங்கள். எங்கள் 45 வெள்ளியையும் 30 வெள்ளியையும் திருப்பித் தாருங்கள். இரண்டு ரசீதுகளும் அட்டையின் படமும் இணைத்திருக்கிறேன். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்வேன். பகலில் தூங்குவதால், மாலை 4 மணிக்குப் பிறகு அழைத்தால் பேச முடியும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அங் மோ கியோ