ரீச்சர், யூன் 7 பின்னேரம் நீங்கள் முன்வரிசையில் இருக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ரீச்சர்,

வருகிற வெள்ளிக்கிழமை பின்னேரம் பிள்ளையும் தாய் தகப்பனும் நானுமாக உங்கள் வீட்டுக்கு வருவோம். வெற்றிலை பாக்குத் தட்டம் வைத்து முறையாகச் சொல்வது அப்போதுதான். ஆனால் உங்கள் முன்னால் வந்து நின்றால் எனக்கு இன்றைக்கும் பேச்சு வராது. அதனால் சொல்ல வேண்டியதை முதலில் எழுதிவிடுகிறேன்.

என் மாணவி ஒருத்தியின் பரதநாட்டிய அரங்கேற்றம் 2026 யூன் மாதம் 7ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நல்லூர் இளங்கலைஞர் மண்டபத்தில் நடக்கிறது. என்னிடம் ஆரம்பத்திலிருந்து படித்து மேடையேறுகிற முதல் பிள்ளை அவள்தான். ஏழு வயதில் தட்டடவு தொடங்கினாள், இப்போது பதினேழு. நட்டுவாங்கம் நான். அந்த மேடையில் நான் தாளம் எடுக்கும்போது என் எதிரே நீங்கள் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் காரணம்.

நேரத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் 4.30 முதல் 6.00 வரை ராகுகாலம். சனிக்கிழமை வைக்கலாம் என்று பார்த்தோம், பாட்டுக்காரருக்கும் வயலின்காரருக்கும் அன்றைக்கு வேறு கச்சேரி. ஆறு மணிக்குப் பிறகு தொடங்கினால் முடிய ஒன்பதைத் தாண்டும்; தூர இடங்களிலிருந்து வருகிற வயதானவர்கள் வீடு திரும்பக் கஷ்டப்படுவார்கள். ஆகவே 4.10க்கு மங்கல விளக்கு ஏற்றி, 4.30க்கு முன்பே புஷ்பாஞ்சலியின் முதல் அடியை வைத்துவிடுவது என்று முடிவெடுத்தோம். தொடங்கிவிட்டால் அதற்குப் பிறகு ராகுகாலம் வந்தாலும் பிழையில்லை என்று பிள்ளையின் அப்பம்மாவும் ஒப்புக்கொண்டார். இதனால் ஒரு கண்டிப்பு வந்துவிட்டது. யாருக்காகவும் ஐந்து நிமிடம் பிந்த முடியாது. எல்லோரும் 4 மணிக்கே வந்து அமர்ந்துவிட்டால் பெரிய உதவி.

முதல் விளக்கை நீங்கள்தான் ஏற்ற வேண்டும் ரீச்சர். பிரதம விருந்தினர் என்று யாரையும் நாங்கள் அழைக்கவில்லை. நடனமும் சங்கீதமும் சொல்லிக்கொடுத்த பெரியவர்கள் ஐந்து பேர் ஐந்து முகத்தையும் ஏற்றுவார்கள்.

உங்களோடு படிப்பித்த ஆசிரியர்களையும், ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியர்களையும், இந்தப் பக்கத்து மிருதங்க, தவில், நாதஸ்வர வித்துவான்களையும் முடிந்தவரை வீடு தேடிப் போய் அழைத்துக்கொண்டிருக்கிறோம். யாராவது விடுபட்டுப்போனால் அது என் மறதியே தவிர மரியாதைக் குறைவல்ல. இந்தக் கடிதம் அவர்கள் கண்ணில் பட்டால், இதையே எங்கள் அழைப்பாக ஏற்று வந்து ஆசீர்வதிக்கும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். முன்னிரண்டு வரிசைகளும் அவர்களுக்காகத்தான்.

இனி வர்ணத்தைப் பற்றி. உங்களிடம் மட்டும்தான் இதை விரிவாகச் சொல்ல முடியும்.

முருகன் மேல் ஒரு பதவர்ணம், கமாஸ் இராகம், ஆதி தாளம். மாசி மாதம் முழுவதையும் முதல் திரிகாலத் தீர்மானத்திலேயே செலவழித்தோம். ஒவ்வொரு முறையும் மூன்றாங்காலத்தில் பிள்ளை உடைந்துபோவாள். அரைமண்டி மேலே எழும்பிவிடும். உடுப்பின் முன்விசிறியைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்: நன்றாக இருந்தால் மடிப்பு முழுக்க விரியும், எழும்பினால் பாதி மூடிக்கொள்ளும். சலங்கைச் சத்தமும் காட்டிக்கொடுக்கும். பாதம் முழுதாக விழும்போது ஒரே சத்தமாகக் கேட்கும். களைத்துப்போய்க் குதி முந்தியும் விரல் பிந்தியுமாக விழுந்தால் ஒவ்வொரு தட்டும் இரண்டாகச் சிதறும்.

கால்தான் பலவீனம் என்று நினைத்து, சலங்கையைக் கழற்றிவைத்துவிட்டு அரைமண்டிப் பயிற்சியைக் கூட்டினேன். மூன்று கிழமை ஆகியும் மாற்றமில்லை. அப்புறம் ஒருநாள் நீங்கள் சாவகச்சேரியில் சொன்னது நினைவுக்கு வந்தது: வாயால் வராத சொல் காலால் வராது. பிள்ளையை இருக்கவைத்து, கையால் தாளம் போட்டு, சொற்கட்டை மட்டும் சொல்லச் சொன்னேன். முதற்காலத்தில் நான்கு ஆவர்த்தனம் பிடிக்கிற சொல் இரண்டாங்காலத்தில் இரண்டிலும் மூன்றாங்காலத்தில் ஒன்றிலும் அடங்க வேண்டும். கடைசி ததிங்கிணதொம் வருகிறபோது அவளுடைய நாக்கே தடுமாறியது. சரி, என் வாயால் வருகிறதா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை.

பிழை தொடக்கத்தில் இருந்திருக்கிறது. தாளம் எடுக்கும்போது எனக்கு வருகிற பதற்றத்தில், முதற்காலத்தையே இருக்க வேண்டியதைவிட வேகமாக எடுத்துவிட்டிருக்கிறேன். முதற்காலத்தில் அது யாருக்கும் தெரியாது, உசாராகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேகம் மூன்றாங்காலத்தில் நாலு மடங்காகிறபோது மனிதக் காலுக்கு இடமில்லை. மணிக்கூட்டை வைத்துப் பார்த்தோம். ஓர் ஆவர்த்தனம் எட்டு விநாடியில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பத்து விநாடிக்கு இறக்கினோம். அடுத்த கிழமையே விசிறி விரிந்தபடி நின்றது.

இறக்கியதால் இன்னொன்றும் நடந்தது. பல்லவியில் நாயகி தோழியிடம் ‘போய்ச் சொல்லு’ என்று கேட்கிற இடத்தில் ஒரே வரி பல தடவை திரும்பி வரும் அல்லவா? முன்பு அங்கே அவள் கை முத்திரையை முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். இப்போது கண் போய்த் திரும்ப நேரம் கிடைக்கிறது. முந்தி 35 நிமிடத்தில் முடிந்த வர்ணம் இப்போது 40ஐத் தாண்டுகிறது. நீளமாகிவிட்டதென்று மிருதங்கக்காரர் முதலில் யோசித்தார், ஆடிக் காட்டிய பிறகு தலையசைத்தார்.

அன்றைக்கு நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான். நான் மறுபடி வேகமாக எடுத்தால் உங்கள் கை தொடையில் போடுகிற தாளத்தில் எனக்குத் தெரிந்துவிடும். அதற்காகவே உங்கள் கதிரையை இடப்பக்கம், நட்டுவாங்கம் இருக்கிற இடத்துக்கு நேரே போடச் சொல்லியிருக்கிறேன்.

வர்ணம் ஏறக்குறைய 5 மணிக்குத் தொடங்கும். அதற்கு முன்னம் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம். வர்ணம் நடக்கும்போது யாரும் எழும்பி நடமாட வேண்டாம் என்று கேட்கிறோம். அது முடிந்ததும் பிள்ளை உடுப்பு மாற்றுகிற நேரத்தில் வாழ்த்துரைகள். மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். இதில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. பல அரங்கேற்றங்களில் இந்த இடைவெளி முக்கால் மணித்தியாலம் இழுபட்டு, சூடாகியிருந்த உடம்பு ஆறி, பிறகு பதத்துக்கு வருகிற பிள்ளை தசை பிடித்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். எனவே பொன்னாடைகளை எல்லாம் மங்களத்துக்குப் பிறகு வைத்துக்கொள்கிறோம். பதம், கீர்த்தனம், தில்லானா, மங்களம் முடிய 7.15 ஆகும். பிறகு வடையும் தேத்தண்ணியும்.

உடுப்பு பற்றி ஒரு சிறிய வேண்டுகோள். ஆண்கள் வேட்டி சால்வையிலும், பெண்கள் சேலையிலும், வளர்ந்த பிள்ளைகள் பாவாடை தாவணியிலும் வந்தால் சபை நிறைவாக இருக்கும். பட்டுத்தான் வேண்டும் என்று யாரும் நினைக்கக் கூடாது. சோழகம் அடித்தாலும் மண்டபத்துக்குள் புழுக்கமாகத்தான் இருக்கும், நூல் சேலைதான் உடம்புக்கு நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கு மணி வைத்த கொலுசு மட்டும் போட வேண்டாம். பதத்தில் சலங்கை அசையாமல் அபிநயம் மட்டும் நடக்கிற இடங்கள் உண்டு. அங்கே சபையில் ஒரு கொலுசு கிலுங்கினால், மேடையில் காலசைந்தது போலக் கேட்கும். படம் எடுப்பவர்கள் பிளாஷ் போடாமல் எடுத்தால் போதும். அன்பளிப்பு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று பிள்ளையின் வீட்டார் சொல்லச் சொன்னார்கள்.

அவர்கள் தோட்டம் செய்கிற ஆட்கள் ரீச்சர். சின்ன வெங்காயம் போட்டு எடுத்த காசில்தான் இந்தச் செலவு முழுவதும். அதனால்தான் இரண்டு உடுப்போடு நிறுத்தினோம். விருந்தும் வைக்கவில்லை. பக்கவாத்தியம் மட்டும் ஒன்றும் குறைக்கவில்லை. பதிவுசெய்த பாட்டுக்கு ஆடவைத்தால் செலவு பாதியாகும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் பதிவு பிள்ளைக்காகக் காத்து நிற்காது. ஒரு சஞ்சாரியில் அவளுக்கு இன்னொரு மூச்சு வேண்டுமென்றால், அவளைப் பார்த்து அந்த வரியை இன்னொரு தடவை எடுக்கப் பாட்டுக்காரர் எதிரே இருக்க வேண்டும்.

சலங்கை பூசை போன மாதம் இணுவில் கந்தசுவாமி கோவிலில் நடந்தது. அவள் கட்டப்போவது புதுச் சலங்கை இல்லை, என்னுடையது. 1995 ஐப்பசியில் நாங்கள் எல்லோரும் வலிகாமத்தை விட்டு நடந்தபோது, வருகிற தையில் அரங்கேற்றம் என்று நீங்கள் எனக்கு நாள் குறித்திருந்தீர்கள். சலங்கையை அம்மா அரிசிப் பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு வந்தார். தை வந்தபோது நாங்கள் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். நீங்கள் அங்கேயும் ஒரு மேசைக்கட்டையில் தடியால் தட்டி, பின்னேரம் பின்னேரம் எங்களை ஆடவைத்தீர்கள். பிறகு ஊர் திரும்பி, இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் படித்து, நானும் படிப்பிக்கத் தொடங்கினேன். அரங்கேற்றம் மட்டும் நடக்கவேயில்லை. நீங்கள் பிறகு இரண்டு தடவை கேட்டீர்கள், நான்தான் வயது போய்விட்டது என்று மறுத்தேன்.

தோலெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. மணிகளைக் கழற்றிப் புளி போட்டு மினுக்கி, புதுத் தோலில் ஐந்து வரியாகக் கோத்திருக்கிறோம். இரண்டு மணி குறைந்திருந்தது, அவற்றை மட்டும் புதிதாகச் சேர்த்தோம். வெள்ளிக்கிழமை அதைக் கொண்டுவருவோம். உங்கள் கையால் எடுத்து அவளுக்குக் கொடுக்க வேண்டும்.

முழங்கால் நோவோடு படி ஏறுவது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். விளக்கை மேடைக்குக் கீழே, முன்வரிசைக்குப் பக்கத்திலேயே வைக்கிறோம். உங்கள் கதிரை கைபிடி உள்ளது. ஞாயிற்றுக்கிழமை 3 மணிக்கு ஓட்டோ உங்கள் வாசலில் நிற்கும், என் தம்பி கூட வருவான்.

என்றும் உங்கள் ஆசியை வேண்டும்,
உங்கள் மாணவி