அளவுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வையுங்கள்

தமிழ்நாட்டின் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் பொதுத் தகவல் அலுவலர்களாகவும் முதல் மேல்முறையீட்டு அலுவலர்களாகவும் இருக்கும் அனைவருக்கும்,

வணக்கம்.

கிராமங்களில் போடப்படும் சிமென்ட் சாலை, பேவர் பிளாக், வடிகால் பணிகள் பற்றி உங்கள் மேசைக்கு வரும் தகவல் உரிமை மனுக்களைக் குறித்து இந்த மடலை எழுதுகிறோம். அந்த மனுக்களை எழுத மக்களுக்கு உதவுகிறவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பணியின் கோப்பையும் அளவுப் புத்தகத்தையும், அதாவது நீங்கள் எம்-புக் என்று சொல்வதை, கேட்டவர் நேரில் உட்கார்ந்து பார்க்க விடுங்கள்.

இது சலுகை அல்ல. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) தகவல் உரிமை என்பதை வரையறுக்கும்போது முதலில் சொல்வதே பணிகளையும் ஆவணங்களையும் பதிவேடுகளையும் பார்வையிடுவதைத்தான். குறிப்பெடுப்பதும் சான்றிட்ட நகலும் அடுத்து வருகின்றன. கட்டுமானப் பொருளின் சான்றிட்ட மாதிரி எடுப்பது அதற்கும் அடுத்தது. ஆனால் நடைமுறையில் மனு என்றாலே நகல் என்று இரு தரப்பும் எடுத்துக்கொள்கிறோம். எந்தத் தாள் வேண்டும் என்று மனுதாரருக்குத் தெரியாது. அதனால் ‘அனைத்து ஆவணங்களும்’ என்று எழுதுகிறார். பக்கத்துக்கு 2 ரூபாய் என்று நீங்கள் கணக்குப் போட்டு ஒரு தொகையைக் கேட்கிறீர்கள். அவர் கட்டி வாங்கிய கட்டில் எம்-புக் பக்கம் மட்டும் இருக்காது. கோப்பை நேரில் பார்த்தவர் நான்கைந்து பக்கங்களைக் குறித்துக் கொடுத்து அவற்றின் நகலை மட்டும் வாங்கிக்கொண்டு போவார். பார்வையிடும் முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை.

எம்-புக் என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், பலரும் மதிப்பீட்டின் நகலை வாங்கிக்கொண்டு தெருவை அளக்கப் போகிறார்கள். அது தவறான ஒப்பீடு. மதிப்பீடு என்பது என்ன செய்யப் போகிறோம் என்ற திட்டம். தெரு குறுகிய இடத்தில் அகலத்தைக் குறைத்திருக்கலாம், அதற்கேற்பப் பணமும் குறைத்தே கொடுத்திருக்கலாம். அப்படியானால் அதில் முறைகேடு எதுவும் இல்லை. எவ்வளவு வேலைக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்பதை எம்-புக் சொல்லும். நீளம், அகலம், கனம், அளந்த தேதி, அளந்தவர் கையெழுத்து, மேலலுவலர் சரிபார்த்த கையெழுத்து எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. பட்டியல் தொகையும் அதிலிருந்துதான் பிறக்கிறது.

கணக்குக்காக ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். எம்-புக்கில் நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 செ.மீ. என்று பதிவாகியிருக்கிறது. பெருக்கினால் 45 கன மீட்டர் கான்கிரீட். ஊர்க்காரர்கள் டேப் பிடித்து அளந்தால் நீளம் 92 மீட்டர், அகலம் 2.80 மீட்டர், கனம் 12 செ.மீ. வருகிறது. நீளத்தில் எட்டு மீட்டர், அகலத்தில் ஒரு சாண், கனத்தில் இரண்டு விரற்கடை. தனித்தனியே சொன்னால் எவரும் ‘அது கிடக்கட்டும்’ என்று விட்டுவிடக்கூடிய குறைகள்தான். ஆனால் 92 × 2.80 × 0.12 என்று பெருக்கிப் பார்த்தால் 30.9 கன மீட்டர்தான் வரும். ஏறக்குறைய 14 கன மீட்டர் காணோம். அது கொடுத்த பணத்தில் 31 சதவீதம். மூன்று அளவையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் பார்க்காமல் இது யாருக்கும் புலப்படாது. அந்தப் பக்கத்தைக் கேட்பது அதனால்தான்.

அளப்பதில் மக்கள் பக்கமும் பிழை நேர்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. தெரு முழுக்க ஒரே அகலம் இருக்காது. எம்-புக்கில் துண்டு துண்டாக, அல்லது சராசரி அகலமாகப் பதிந்திருப்பார்கள். தெருவின் மிகக் குறுகிய இடத்தை மட்டும் அளந்து புகார் எழுதினால் அது நிற்காது. நாங்கள் சொல்லிக்கொடுப்பது, எம்-புக்கில் உள்ள துண்டுகளையே எடுத்து, ஒவ்வொன்றிலும் மூன்று இடங்களில் அகலத்தை அளந்து சராசரி காண்பது. கனம் இன்னும் சிக்கலானது. ஓரத்தில் தெரியும் கனத்தை நம்ப முடியாது. ஓரத்தில் பலகைக்கு இணையாகக் கொட்டி, நடுவில் மேடாக இருந்த பழைய தரையைச் சுரண்டாமல் அதன் மேலேயே போட்டிருந்தால் ஓரம் 15 செ.மீ. காட்டும், நடுவில் 8 செ.மீ. கூட இருக்காது. நடுவில் துளைத்து எடுக்கும் கோர் மாதிரிதான் சரியான பதில் சொல்லும். அதைத்தான் சான்றிட்ட மாதிரி என்று சட்டம் தருகிறது. மனுதாரர் முன்னிலையில், அலுவலகம் எடுத்து, உறையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஊர்க்காரர்கள் தாங்களே கடப்பாறையால் உடைத்து எடுத்த துண்டு சான்றாகாது, பொதுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அவர்கள் மேலேயே புகார் வரும். அதனால் மாதிரி கேட்டு வரும் மனுவை வம்பு என்று ஒதுக்காதீர்கள். முறையாகச் செய்ய நினைப்பவர்தான் அப்படிக் கேட்கிறார்.

அளவு சரியாக இருந்தாலும் தேதி காட்டிக்கொடுப்பது உண்டு. கான்கிரீட்டுக்கு அடியில் வரும் ஜல்லிப் படுகையை, அது மூடப்படுவதற்கு முன்பே அளந்தாக வேண்டும். படுகைக்கும் மேல்தளத்துக்கும் ஒரே நாளில் அளவு பதிந்திருந்தால், படுகையை யாரும் கண்ணால் பார்த்து அளக்கவில்லை என்றே பொருள்படும். எம்-புக் பக்கங்களுக்கு வரிசை எண் அச்சிட்டிருக்கும். தவறான எண்ணை அடித்து, சரியானதை எழுதி, அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும், சுரண்டி எழுதக் கூடாது. நகலில் சுரண்டிய தடம் தெரிவதில்லை. மூலத்தைப் பார்த்தால்தான் தெரியும். நேரில் பார்ப்பதற்கும் நகலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இனி, உங்களிடமிருந்து வரும் பதில்களுக்கு வருகிறோம்.

‘கோரப்படும் தகவல் அதிக அளவில் உள்ளதால் பிரிவு 7(9)-இன்படி வழங்க இயலாது’ என்பது அடிக்கடி வருவது. அந்தப் பிரிவு தகவலை மறுக்க வந்ததல்ல. கேட்ட வடிவத்தில் தருவது அலுவலகத்தின் ஆள்பலத்தை அளவுக்கு மீறி உறிஞ்சுமானால் வேறு வடிவத்தில் தரலாம் என்பதே அதன் பொருள். பார்வையிட அழைப்பதுதான் அந்த வேறு வடிவம். 7(9) என்று எழுதினால், அடுத்த வரியிலேயே நாளும் நேரமும் எழுதுங்கள்.

‘எம்-புக் பொறியாளரிடம் உள்ளது’ என்றும் வருகிறது. பொறியாளர் அதே ஒன்றியத்தில் இருந்தால், பிரிவு 5(4)-இன்படி அவரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்ட பிறகு தகவல் தரும் பொறுப்பும், தராவிட்டால் நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரையிலான தண்டமும் 5(5)-இன்படி அவரைச் சேரும். எழுதாமல் விட்டால் அது உங்கள் தலையில் நிற்கும். உங்களைக் காக்கிற பிரிவு அது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை என்பது எங்களுக்கு வருத்தம். புத்தகம் வேறு பொது அதிகார அமைப்பிடம் இருந்தால், மனுவை 5 நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்பி, மனுதாரருக்கும் தெரிவிக்க வேண்டும்.

‘கோப்பு கிடைக்கவில்லை’ என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. விலக்குகள் அனைத்தும் 8, 9 பிரிவுகளில் இருக்கின்றன, தொலைந்துபோனது என்பது அவற்றில் இல்லை. ஒருகாலத்தில் அலுவலகத்தில் இருந்த பதிவை வெறுமனே காணோம் என்று சொல்லி முடித்துவிட முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், கிடைக்காவிட்டால் பொறுப்பானவர் யார் என்று பார்க்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் விஸ்வாஸ் பாம்புர்க்கர் வழக்கில் 2013-இல் சொல்லியிருக்கிறது.

ஒப்பந்ததாரரின் தனிப்பட்ட விவரம் என்று மறுப்பது இப்போது கூடும் என்று அஞ்சுகிறோம், ஏனெனில் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 8(1)(ஜே)-ஐ மாற்றிவிட்டது. பட்டியலில் அவருடைய வங்கிக் கணக்கு எண், ஆதார், கைப்பேசி எண் இருந்தால் பிரிவு 10-இன்படி அவற்றை மறைத்துவிட்டு மற்றதைக் கொடுங்கள். நீளமும் அகலமும் கனமும் யாருடைய தனிப்பட்ட விவரமும் அல்ல. பொதுநலன் மேலோங்கினால் விலக்குள்ள தகவலையும் தரலாம் என்ற 8(2) இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

மனுக்களிலும் குறை இருக்கிறது. ‘சாலை ஏன் தரமில்லாமல் போடப்பட்டது?’ என்பது தகவல் கோரிக்கை அல்ல. பதிவில் இருப்பதைத்தான் நீங்கள் தர வேண்டும், விளக்கமோ கருத்தோ உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவுபடுத்திவிட்டது. எனவே நாங்கள் இப்படி எழுதச் சொல்கிறோம்: ‘இன்ன ஊராட்சி, இன்ன தெருவில், இன்ன நிதியாண்டில் போடப்பட்ட சிமென்ட் சாலைப் பணியின் மதிப்பீடு, வேலை உத்தரவு, அப்பணிக்குரிய அளவுப் புத்தகப் பக்கங்கள், இறுதிப் பட்டியல் ஆகியவற்றின் மூலங்களைப் பிரிவு 2(ஜே)-இன்படி பார்வையிட்டு, தேவையான பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் பெற விரும்புகிறேன். நாளும் நேரமும் தெரிவிக்கவும்.’ கூடவே, அதே தெருவில் மூன்று ஆண்டுகளில் எந்தெந்த நிதியில் என்னென்ன பணி எடுக்கப்பட்டது என்ற பட்டியலையும் கேட்கச் சொல்கிறோம். ஒரே சாலை இரண்டு திட்டங்களில் கணக்குக்கு வந்திருந்தால், ஒரு கோப்பை மட்டும் பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய இப்படிப்பட்ட ஒரு பக்க மனு உங்களுக்கும் வேலையைக் குறைக்கும்.

பார்வையிடும் நாளில் இரண்டு காரியம் செய்தால் பின்னால் தகராறு வராது. கோப்பின் பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் இட்டு வையுங்கள். பார்த்து முடித்ததும், எந்தக் கோப்பில் எந்தப் பக்கம் முதல் எந்தப் பக்கம் வரை காட்டப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். ‘முழுதும் காட்டவில்லை’ என்று அவரும், ‘அவர் தாளை உருவிவிட்டார்’ என்று நீங்களும் பிறகு சொல்ல வேண்டியிருக்காது.

மனு இல்லாமலே இதைச் செய்ய முடியும். புனே மாநகராட்சி திங்கட்கிழமைகளில் பிற்பகல் 3 முதல் 5 மணி வரை கோப்புகளைப் பார்வைக்குத் திறந்து வைத்தது. 2018-இல் மகாராஷ்டிர அரசு அதையே மாவட்ட நிலை அலுவலகங்களுக்கும் உள்ளாட்சி அமைப்புகளுக்கும் உத்தரவாக்கியது. உங்கள் ஒன்றியத்திலும் வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், ஒரு மேசை, நான்கு நாற்காலி ஒதுக்கி, அந்த நேரத்தை அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். முடிந்த பணிகளின் எம்-புக்குகள் அந்த மேசையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் மனுக்கொடுக்க வரும் கிராமத்து மக்களுக்கு மனு எழுதித் தருவோர்