மாதக் கடைசி ஐயாயிரமும் என் அக்காவின் அபராதமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் மாதம் தங்கள் நாளிதழின் இணைப்பில், சேமிப்பு பற்றிய பகுதியில் ஒரு வரி வந்திருந்தது. மாதத்தின் கடைசி நாளில் கணக்கில் 5,000 ரூபாய் இருக்கும்படி பார்த்துக்கொண்டால் குறைந்தபட்ச இருப்புக்கான அபராதத்திலிருந்து தப்பிவிடலாம் என்று. எழுதியவர் நிபுணராம். அந்த வரியை என் அக்கா கத்தரித்துப் பாஸ்புக் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். அதன் விலை 195 ரூபாய் 50 காசு.

அக்கா கணவரை இழந்தவர். அவருடைய வங்கியில் சராசரி மாத இருப்பு 5,000 ரூபாய் இருக்க வேண்டும். தங்கள் நிபுணரை நம்பி, ஆகஸ்ட் 30 அன்று எதிர்வீட்டில் 3,500 ரூபாய் கைமாற்று வாங்கிக் கணக்கில் போட்டார். செப்டம்பர் 1 காலையில் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார். "பேப்பரில் போட்டிருந்தார்களே தம்பி" என்று என்னிடம் சொன்னபோது, உங்கள் பத்திரிகையை முப்பத்தைந்து ஆண்டுகளாக வாங்குகிறவன் என்ற முறையில் எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரேட்டில் நாள் இருப்பை நாட்களால் பெருக்கி எழுதியே விரல் தேய்ந்தவன். தங்களைப் போன்றோருக்கு இது தெரியாததல்ல. இருந்தாலும் அக்காவின் ஆகஸ்ட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு அறிக்கையில் முதல் வரியாக முந்தைய மாதத்து இருப்பு 2,400 ரூபாய் என்று இருக்கிறது. பலரும் தாண்டிப் போகிற வரி இது. ஆனால் 1ஆம் தேதியிலிருந்து அடுத்த வரவு செலவு வரும்வரை ஒவ்வொரு நாளின் இருப்பும் அதுதான். 12ஆம் தேதி 600 எடுத்தார். ஆகவே முதல் 11 நாட்களுக்கு 2,400 வீதம் 26,400. அதன்பின் 12 முதல் 29 வரை 18 நாட்கள், இருப்பு 1,800, பெருக்கினால் 32,400. கைமாற்றைப் போட்ட பிறகு 5,300 ரூபாய் இருந்தது இரண்டே நாள், 30ஆம் தேதியும் 31ஆம் தேதியும். 31 ஞாயிற்றுக்கிழமை, வங்கி பூட்டியிருந்தாலும் அந்த நாளும் கணக்கில் சேரும். அது 10,600. மூன்றையும் கூட்டினால் 69,400. மாதத்தின் 31 நாட்களால் வகுத்தால் 2,238 ரூபாய் 71 காசு. ஐயாயிரத்தில் பாதிகூட இல்லை. மாதக் கடைசி நாளில் மட்டும் கம்பீரமாக 5,300!

சராசரி 5,000 வர வேண்டுமானால் அந்தக் கூட்டுத்தொகை 1,55,000 ஆகியிருக்க வேண்டும். 29ஆம் தேதிவரை சேர்ந்தது 58,800. மீதி 96,200ஐ இரண்டே நாளில் ஈடுகட்ட அக்கா ஒவ்வொரு நாளும் 48,100 ரூபாய் வைத்திருந்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் அவ்வளவு கைமாற்று கிடைக்காது என்பதை நிபுணருக்குத் தெரிவிக்கவும்.

கல்லூரியில் வணிகவியல் படிக்கிற எங்கள் பேத்தி வேறு விதமாகப் போட்டாள். அறிக்கையில் அச்சாகியிருந்த 2,400, 1,800, 5,300 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 3,167 என்றாள். பதினெட்டு நாள் இருந்த தொகையும் இரண்டு நாள் இருந்த தொகையும் அதில் சரிசமம் ஆகிவிடுகின்றன. வரிகளின் எண்ணிக்கையால் அல்ல, நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். ஒரே நாளில் நான்கு வரிகள் இருந்தால் கடைசி வரியின் இருப்பு மட்டும்தான் அந்த நாளுக்கு. சொன்னவுடன் பிடித்துக்கொண்டாள், அவள் பத்தி எழுதுவதில்லை.

எங்கிருந்து இந்த மாதக் கடைசிக் கதை வந்தது என்று யோசித்தேன். 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்கு வட்டியை, 10ஆம் தேதிக்கும் மாத முடிவுக்கும் இடையில் இருந்த மிகக் குறைந்த இருப்பின் மீதுதான் கணக்கிட்டார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்புக்கு மாறியது. அந்தப் பழைய வட்டி விதிதான் யாருடைய நினைவிலோ உருமாறி வந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட அஞ்சலக வட்டி அட்டவணையிலும் இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. சுட்டிக்காட்டி எழுதினேன். பதிலாக வந்தது பொங்கல் வாழ்த்து அட்டை.

வங்கியை விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். செப்டம்பர் 3 அன்று இருப்பு குறைந்துவிட்டதாக அக்காவின் கைப்பேசிக்கு ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது கையெழுத்து அட்டையைப் பார்த்தாலே தெரியும். ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் பிறப்பித்து 2015 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, இப்படி அறிவித்த பிறகு குறைந்தது ஒரு மாத அவகாசம் தர வேண்டும். அதற்குள் இருப்பு சரிசெய்யப்படாவிட்டால்தான் அபராதம். அதுவும் குறைந்த தொகைக்கு ஏற்ற விகிதத்தில்.

விகிதத்தில் தவறில்லை. பற்றாக்குறை 2,761 ரூபாய் 29 காசு. அவர்களது அட்டவணைப்படி அதில் 6 சதவீதம் 165.68, ஜிஎஸ்டி 29.82. ஆனால் அவகாசம்? செப்டம்பரில் முதல் நான்கு நாட்கள் 1,800. 5ஆம் தேதி மகன் 15,000 அனுப்பியதால் ஐந்து நாட்கள் 16,800. 10ஆம் தேதி 13,000 எடுத்த பிறகு மீதி 21 நாட்கள் 3,800. பெருக்கிக் கூட்டினால் 1,71,000. முப்பதால் வகுத்தால் 5,700. மாதக் கடைசி இருப்பு 3,800தான், ஆனாலும் விதி நிறைவேறிவிட்டது. அவகாசத்துக்குள் இருப்பு சரியாகிவிட்டது என்பதே என் வாதம். அப்படியிருந்தும் அக்டோபர் 4 அன்று பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த மாதத்துக்கானது என்று அறிக்கையில் ஒரு சொல் இல்லை. கவுன்ட்டரில் கேட்டால், "கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்கிறது ஐயா" என்றார் அந்தப் பிள்ளை. பாஸ்புக் அச்சிடும் இயந்திரம் வழக்கம்போல் பழுது.

பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே இந்த விதியைக் கைவிட்டது. குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கிகளிலும் உண்டு. இந்த இரண்டில் ஒன்றை உங்கள் நிபுணர் எழுதியிருந்தால் அக்கா அதையும் கத்தரித்து வைத்திருப்பார்.

வங்கிக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்திருக்கிறேன். முப்பது நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன். தங்களிடம் கேட்பது பணமல்ல. அதே பகுதியில், அதே எழுத்து அளவில் ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தையே வெளியிடுவதானால் என் கோபத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள். சென்ற முறை எனது 1,200 உங்கள் அச்சில் 12,000 ஆனது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மன்னார்குடி