புது டயரும் குறைந்த மைலேஜும்

அன்புள்ள மகளுக்கு,

புது டயர் மாட்டிய பிறகு லிட்டருக்கு 18 கொடுத்த கார் 17.2 தான் கொடுக்கிறது என்று போனில் வருத்தப்பட்டாயே. டயர் மோசம் என்று நினைத்துவிடாதே. பழைய டயர் உனக்குப் பொய்க்கணக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

புது டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் பள்ளமும் மேடுமான ரப்பர், ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். உன் பழைய டயரில் 2 கூட இருந்திருக்காது. சக்கரத்தின் நடுவிலிருந்து தரை வரை சுமார் 280 மில்லிமீட்டர். அதில் 6 தேய்ந்தால் சுற்றளவு இரண்டு சதவீதம் குறைகிறது. கார் சக்கரம் சுற்றுவதை எண்ணித்தான் தூரம் காட்டுகிறது. ஆக, 98 கிலோமீட்டர் ஓடியதை 100 என்று காட்டும். நீ பார்த்த 18, உண்மையில் 17.6.

அடுத்தது காற்று. "பெட்ரோல் பங்கில் பார்த்தேன், சரியாக 32 பிஎஸ்ஐ இருந்தது" என்றாய். ஆனால் அரை மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்திருக்கிறாய். ஓடிய டயர் சூடாகி உள்ளே காற்று விரியும். நாலு பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். அப்படியானால் ஆறிய டயரில் 28 தான். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் 32, ஆறிய டயருக்கான அளவு. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் பெரிய பிஎஸ்ஐ எண்ணைப் பார்த்துவிடாதே, அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு.

காற்று குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் டயரின் பக்கம் கூடுதலாக நசுங்கி நிமிர்கிறது. நசுக்கச் செலவான சக்தி முழுதாகத் திரும்பி வராமல் சூடாகப் போய்விடுகிறது, அது உன் பெட்ரோல். நாலு சக்கரத்திலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் 0.2 சதவீதம் போகும் என்பது ஒரு கணக்கு. உனக்கு நாலு பிஎஸ்ஐ என்றால் 17.6 என்பது 17.46 ஆகும். மீதி, புது பட்டனின் தடித்த ரப்பர் நெளிவதால் வருவது. தேயத் தேய அது தானாகக் குறையும்.

காலையில் வண்டியை எடுக்கும் முன் கேஜை வைத்துப் பார். வால்வில் சட்டென்று நேராக அழுத்து, சாய்த்தால் காற்று சீறி எண் தப்பாக வரும். 28 காட்டினால் நாலு குறைவு என்று குறித்துக்கொள். பங்குக்குப் போனதும் அங்கே 30 காட்டினால் 34 வரை பிடிக்கச் சொல். சூடான டயரில் கூடுதலாகக் காட்டுகிறது என்று காற்றை இறக்கிவிடாதே. ஸ்டெப்னியையும் பார்.

மாதம் ஒருமுறை பட்டனையும் விரலால் தடவிப் பார். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறாய். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மைலேஜ் எவ்வளவு நன்றாகக் காட்டினாலும் மாற்றிவிடு, அம்மா. மழைத் தண்ணீரை ஒதுக்க அதில் இடமே இருக்காது.

காலையில் பார்த்துவிட்டு நாலு சக்கரத்தின் எண்ணையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா