32-க்கும் 33-க்கும் நடுவில் நின்றுபோன 7,416 ரூபாய்

பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து பைப், ஹார்டுவேர் மொத்தக் கடைகளின் முதலாளிகளுக்கும், அங்கே பில் போடும், ஜிஎஸ்டி கணக்கு பார்க்கும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். எங்கள் கடைக்காரர்கள் பேசுவது தமிழ், சரக்கு எடுப்பது உங்களிடம், வரி கட்டுவது கேரளத்துக்கு. இது உங்களுக்குத் தெரியாததல்ல, பல வருடப் பழக்கம். அந்த உரிமையில்தான் இதை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆறு முறை போன் செய்தேன். ஆறு முறையும் பதிலாக வந்தது ஒரே ஸ்கிரீன்ஷாட்.

கேட்பது ஒன்றுதான். கேரள எண்ணுக்குப் பில் போடும்போது Place of supply என்ற இடத்தில் கேரளத்தின் எண்ணான 32 இருக்கிறதா என்று பாருங்கள். நாங்கள் விவரம் கேட்டால், ஓரம் வெட்டிய படத்தை அனுப்பாமல் முழுப் பட்டியலை எக்செல்லாக அனுப்புங்கள்.

நடந்தது இது. வண்ணாமடைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்களுக்கு பிவிசி பைப் விற்கும் ஓர் அண்ணன், ஜூன் மாதம் உங்களில் ஒரு கடையிலிருந்து 14 பில்லுக்குச் சரக்கு எடுத்தார். ஜூலை 14-ஆம் தேதி, வாங்கியவர் கழித்துக்கொள்ளக்கூடிய வரியைக் காட்டும் 2பி வந்ததும், அவர் கொள்முதல் பட்டியலைப் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். 14 பில், வரிக்கு முந்தைய மதிப்பு 5,38,600 ரூபாய், வரி 18 சதவீதம், 96,948 ரூபாய். 2பியில் அந்தக் கடையின் பெயருக்கு நேரே எடுத்துக்கொள்ளக்கூடிய வரி 89,532 ரூபாய்தான் இருந்தது. 7,416 ரூபாய் குறைவு.

இப்படிக் குறையும்போது நான் முதலில் வரி வரியாகத் தேடுவதில்லை. குறையும் தொகையை வரி விகிதத்தால் வகுப்பேன். 7,416-ஐ 0.18-ஆல் வகுத்தால் 41,200. கொள்முதல் பட்டியலில் 41,200-க்கு ஒரே ஒரு பில் இருந்தது, 21-ஆம் தேதி, சனிக்கிழமை போட்டது. இரண்டு மூன்று பில் சேர்ந்து விட்டுப்போயிருந்தால் இவ்வளவு சுலபமாகக் கிடைத்திருக்காது. அப்போது ஒவ்வொரு பில்லாக டிக் அடித்துத்தான் வரவேண்டும். அதிலும் நீங்கள் 0118 என்று ஏற்றியிருப்பீர்கள், நாங்கள் 118 என்று எழுதியிருப்போம். அதனால் பில் எண்ணை மட்டும் நம்பாமல் தேதியையும் மதிப்பையும் வைத்துத்தான் ஜோடி சேர்ப்போம்.

சரி, பில் கிடைத்துவிட்டது. அது ஏன் வரவில்லை? வழக்கமான காரணங்களைப் பார்த்தேன். 11-ஆம் தேதி தாண்டி, விற்றவர் தன் விற்பனையைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 போட்டிருந்தால் அடுத்த மாத 2பிக்குப் போயிருக்கும். ஆனால் மற்ற 13 பில்லும் வந்திருக்கின்றன, அவற்றுக்கு நேரே 10-ஆம் தேதி என்று இருக்கிறது. ஒரு மாதத்து ஜிஎஸ்டிஆர்-1 ஒரே முறைதான் போகும், ஆகவே அது காரணமில்லை. எங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையில் சேர்த்துவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்போதுதான் முதல் போன்.

"எங்க பக்கம் எல்லாம் கிளியருங்க. ஏத்தியாச்சுங்க. ஸ்கிரீன்ஷாட் அனுப்பறேன் பாருங்க."

படம் வந்தது. ஜிஎஸ்டிஆர்-1 திரை. 14 பில்லும் இருக்கின்றன, அந்த 41,200-மும் இருக்கிறது. எண் சரி, தேதி சரி, மதிப்பு சரி. கடைசியில் மொத்த வரியைக் கூட்டி யாரோ பேனாவில் 96,948 என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பட்டியலிலும் அதே 96,948. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பைசா வித்தியாசம் இல்லை. ஆனால் 2பியில் 13 பில்தான். அன்று முழுக்க இதே வேலை. அடுத்த நாள் மறுபடி கேட்டேன், மறுபடி அதே படம். "உங்க ஆடிட்டரைக் கேளுங்க" என்றும் ஒருமுறை சொன்னார்கள்.

பில்லை வாங்குகிறவரே ஏற்கவோ மறுக்கவோ செய்கிற ஐஎம்எஸ் திரையிலும் தேடினேன், அங்கும் இல்லை. கடைசியில் 2பியை எக்செல்லாக இறக்கி, ITC Availability என்ற பத்தியை வடிகட்டிப் பார்த்தேன். அங்கே இருந்தது அந்தப் பில். No என்று போட்டு, பக்கத்தில் காரணமும் எழுதியிருந்தது:

```
POS and supplier state are same but
recipient state is different
```

அதாவது, விற்றவரும் தமிழ்நாடு, சரக்கு சேர்ந்த இடமும் தமிழ்நாடு என்று பில் சொல்கிறது, ஆனால் வாங்கியவர் கேரளக்காரர். அந்தப் பில்லில் மட்டும் Place of supply 33-Tamil Nadu. அதனால் மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஐஜிஎஸ்டி 7,416-க்குப் பதிலாக, உள்ளூர் விற்பனைக்கான சிஜிஎஸ்டி 3,708, எஸ்ஜிஎஸ்டி 3,708 என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. கூட்டினால் அதே 7,416. அதனால்தான் இரண்டு படத்திலும் மொத்தம் பொருந்தியது. அண்ணன் எழுதிய பட்டியலில் 'வரி' என்று ஒரே பத்திதான் உண்டு, அதை அன்றே மூன்று பத்தியாக மாற்றச் சொல்லிவிட்டேன். நீங்கள் அனுப்பிய படத்திலோ வலதுபக்கம் வெட்டுப்பட்டிருக்கிறது. இடமும் வரிப் பிரிவும் இருக்கும் பத்திகள் அந்தப் பக்கம்தான். ஆறு முறை வந்த படத்திலும் இல்லாதது, நாங்கள் தேடிய அந்த ஒரே விஷயம்.

இது எப்படி நடந்தது என்றும் விசாரித்துவிட்டேன். அந்தச் சனிக்கிழமை அண்ணனின் மகன் சொந்த வண்டியில் வந்து, உங்கள் கவுண்டரில் பைப்பை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். லாரி சர்வீஸ் இல்லை. வரியோடு சேர்த்து பில் 48,616 ரூபாய். ஐம்பதாயிரத்தைத் தாண்டாததால் ஈ-வே பில்லும் தேவைப்படவில்லை. அது போட்டிருந்தால் சரக்கு எங்கே போகிறது என்று அதுவாவது கேட்டிருக்கும். கவுண்டரில் வந்து எடுத்தால் உள்ளூர் விற்பனை என்று பில் போட்டவர் நினைத்திருக்கிறார். அது தவறு. சரக்கை விற்றவர் கொண்டுபோனாலும் வாங்கியவரே கொண்டுபோனாலும், அதன் பயணம் எங்கே முடிகிறதோ அந்த இடம்தான் கணக்கு என்று ஐஜிஎஸ்டி சட்டத்தின் 10-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பைப் இறங்கியது வண்ணாமடையில்.

"வரிதான் கட்டியாச்சே, எந்தப் பெயரில் கட்டினால் என்ன" என்று உங்களில் ஒருவர் கேட்டார். உங்களுக்கு ஒன்றுமில்லை, எங்களுக்கு இருக்கிறது. எஸ்ஜிஎஸ்டி 3,708 தமிழ்நாட்டுக் கணக்குக்குப் போய்விட்டது, அதைக் கேரளத்து வரியில் கழிக்க முடியாது. கூடவே போன சிஜிஎஸ்டி 3,708-ஐயும் இங்கே எடுக்க விடுவதில்லை. ஐஜிஎஸ்டியாக வந்திருந்தால் முழு 7,416-ம் கழிந்திருக்கும். அந்த அண்ணன் ஜூலை 20-ஆம் தேதி ஜூன் மாத வரிக்கான 3பி போடும்போது, உங்களிடம் ஏற்கெனவே கொடுத்த அதே 7,416 ரூபாயை இன்னொரு முறை ரொக்கமாகக் கட்டினார். அதற்காக அந்த வாரம் வாங்க வேண்டிய சரக்கை வாங்கவில்லை. பரவாயில்லை, எடுத்துக்கொள்ளலாம் என்று கழித்திருந்தால், பின்னால் வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். அந்த வேலைக்கு நான் அவரை விடமாட்டேன்.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பில் போட்டது நீங்கள், தாக்கல் செய்தது நீங்கள், தண்டம் கட்டுகிறவர் வாங்கியவர். முன்பு, விற்றவர் காட்டாமல் விட்டாலும் 5 சதவீதம் வரை கூடுதலாக எடுக்க வழி இருந்தது. 2022 ஜனவரி 1 முதல் அதுவும் கிடையாது. விற்றவர் சரியாகக் காட்டினால்தான் வாங்கியவருக்கு வரி கிடைக்கும் என்று சட்டம் எழுதியவர்கள், விற்றவரைத் திருத்த வைக்க வாங்கியவர் கையில் ஒன்றையும் கொடுக்கவில்லை. போன் மட்டும்தான் இருக்கிறது. 2017-க்கு முன்னால் வாளையாரிலும் வேலந்தாவளத்திலும் செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் வண்டி நிற்கும். அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் அன்று எல்லையைத் தாண்டுகிறோம் என்று டிரைவரிலிருந்து பில் போடுகிற பையன் வரை எல்லோருக்கும் தெரியும். இன்று அந்த எல்லை உங்கள் கணினியில் ஒரு பத்தியில்தான் இருக்கிறது. அதையும் பார்க்காமல் விட்டால் எப்படி?

சொல்லவந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். மன்னிக்கவும். மறுபடி கேட்கிறேன்.

எங்கள் எண்கள் எல்லாம் 32-ல் தொடங்கும். அப்படி ஓர் எண்ணுக்குச் சரக்கு எங்கள் ஊருக்கு வருகிற பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி விழுந்தால், அச்சடிப்பதற்கு முன் நிறுத்திப் பாருங்கள். உங்கள் பில்லிங் மென்பொருளில் 'கவுண்டர் சேல்' என்று தேர்ந்தெடுத்ததும் இடம் தானாக 33 ஆகிவிடுகிறது என்று நினைக்கிறேன். அதை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்கு முன், 8-ஆம் தேதி வாக்கில், எங்கள் எண்ணுக்கு ஏற்றியிருக்கும் பில்களை எக்செல்லாக அனுப்புங்கள். பில் எண், தேதி, மதிப்பு, இடம், மூன்று வரிகளும் தனித்தனியாக. இருபது பில்லுக்கு நான் கால் மணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடுவேன். தாக்கல் செய்தபின் திருத்துவதைவிட அது இருவருக்கும் எளிது. படம்தான் அனுப்ப முடியும் என்றால், வலது ஓரம் வரை தெரியும்படி இரண்டு படமாக அனுப்புங்கள். தாக்கல் ஆன தேதியும் அதில் தெரிய வேண்டும். ஏற்றி வைத்ததும் தாக்கல் செய்ததும் ஒன்றல்ல.

அந்த ஜூன் 21 பில்லுக்கு, கிரெடிட் நோட் போட்டு ஐஜிஎஸ்டியோடு புதுப் பில் கொடுப்பதா, வேறு வகையில் திருத்துவதா என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். தவறாகக் கட்டிய சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டியைத் திரும்பக் கேட்க 77-ஆம் பிரிவில் உங்களுக்கு வழி இருக்கிறது. உங்கள் பணமும் போகாது. நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை நேரம் உண்டுதான். ஆனால் அவர் பணம் ஏற்கெனவே முடங்கிக் கிடக்கிறது, தயவுசெய்து இந்த மாத ஜிஎஸ்டிஆர்-1-லேயே செய்துகொடுங்கள்.

வரும் சனிக்கிழமை அவர் மகன் மறுபடி வண்டியோடு வருவான். அந்தப் பில்லில் இடம் 32 என்று போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கணக்கர் ஒருவர்