அம்மிச்சியின் தோசைக்கல்லும் உன் அடுப்பும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள கண்ணு,

சரவணம்பட்டியில் நீ பிடித்திருக்கும் வீட்டில் பால் காய்ச்சுவதற்கு நாள் குறித்த செய்தி தெரிந்ததிலிருந்து, பையனுக்கு என்ன வாங்கித் தருவது என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். உன் அத்தை பெரிய சுவர்க் கடிகாரம் பார்த்து வைத்திருக்கிறாள். பெரிய மாமன் எவர்சில்வர் அண்டா ஒன்றுக்கு உன் பெயரை வெட்டச் சொல்லிவிடுவார் போலிருந்தது. இருவரிடமும் அதற்கான பணத்தை மொய்யாகக் கவரில் வைத்துக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டேன். என் கல்யாணச் சீரில் வந்த போசிகளில் ஐந்து இன்றும் ஒரு நாள்கூட அடுப்பேறாமல் நம் அட்டாலியில் கிடக்கின்றன. கொடுத்தவர்களின் அன்பில் குறையில்லை. நானும் உன் அப்பாவும் குடியேறிய வீட்டின் சமையலறை எவ்வளவு பெரியது என்று அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அந்தச் சீரில் முப்பது வருடங்களாக என் கையை விட்டுப் போகாத பொருள் அம்மிச்சியின் தோசைக்கல் ஒன்றுதான். அதையே உனக்குத் தர வேண்டும் என்று நீ கல்லூரிக்குப் போன நாளிலேயே நினைத்து வைத்திருந்தேன். ஆனால் கேஸ் இணைப்பு இன்னும் வாங்கவில்லை, வீட்டுக்காரர் விட்டுச் சென்ற இண்டக்‌ஷன் அடுப்புதான் இப்போதைக்கு இருக்கிறது என்று நீ சொன்னதும், பக்கத்து வீட்டு இண்டக்‌ஷன் அடுப்பை இரவல் வாங்கி அந்தக் கல்லை வைத்துப் பார்த்தேன். வார்ப்பு இரும்பு என்பதால் காந்தம் நன்றாக ஒட்டுகிறது, அடுப்பும் ஏற்றுக்கொண்டது. ஆயினும் அம்மிச்சி விறகடுப்பில் புழங்கிய கல் அது. அடிப்பாகம் நடுவில் சற்றே புடைத்திருப்பதால் சமதளக் கண்ணாடியின் மேல் நிற்காமல் ஆடியது. அதைவிடப் பெரிய சங்கடம் அதன் அகலம். கல் பன்னிரண்டு அங்குலம். அடுப்புக்குள் இருக்கும் சுருளோ நடுவில் ஏழெட்டு அங்குலத்தை மட்டுமே சூடாக்குகிறது. வார்ப்பு இரும்பு வெப்பத்தை மெதுவாகத்தான் பக்கங்களுக்குக் கடத்தும். ஆகவே தோசையின் நடுப்பகுதி கருகியபோது விளிம்பில் மாவு வெள்ளையாகவே இருந்தது.

அதனால் அடுப்பு எது என்பதை நீயே முடிவு செய்யும் வரை அந்தக் கல் இங்கேயே இருக்கட்டும். மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பு ஒன்றை வாங்கி அனுப்பிவிடலாம் என்று உன் அப்பா சொன்னதற்கு நான் சம்மதிக்கவில்லை. நீ இரவில் எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறாய், வாரத்தில் எத்தனை நாள் சமைப்பாய், அந்த வீட்டில் எத்தனை வருடம் இருப்பாய் என்பதையெல்லாம் பொறுத்துத்தான் அடுப்பு அமைய வேண்டும். அவற்றில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாது.

இப்போதைக்கு அடி தட்டையான, ஒன்பது அங்குல வார்ப்புக்கல் ஒன்றை வாங்கி, கேஸுக்கும் இண்டக்‌ஷனுக்கும் பொருந்துமாறு பழக்கி வைத்திருக்கிறேன். புதுக் கல்லை யாரும் வாங்கிக் கொடுத்துவிடலாம். பழக்குவதற்கு உனக்கு இப்போது நேரமிருக்காது என்பதால்தான் அதை நான் செய்தேன். முதலில் சோப்பும் தேங்காய் நாரும் கொண்டு கடையில் பூசியிருந்த மேல்பூச்சைத் தேய்த்தெடுத்தேன். பிறகு மூன்று நாட்கள் அரிசி கழுவிய நீரில் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றினேன். நான்காம் நாள் அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, நல்லெண்ணெயைத் துணியால் தடவி, தடவியதே தெரியாத அளவுக்கு அதைத் திரும்பத் துடைத்தெடுத்து, புகை எழுந்து அடங்கும் வரை சூடாக்கினேன். இதே வேலையை ஆறு முறை செய்தேன். எண்ணெய் அந்தச் சூட்டில் இறுகி இரும்போடு ஒட்டிய மெல்லிய படலமாகிறது; தோசை ஒட்டாமல் எழும்புவது அந்தப் படலத்தால்தான். எண்ணெய் அதிகமாகிவிட்டால் படலம் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். என் இரண்டாம் முறையில் அப்படித்தான் ஆயிற்று. விரல் வைத்தால் ஒட்டியது. இன்னும் சிறிது நேரம் சூட்டில் விட்டதும் சரியானது.

தோசை சுட்ட பின் கல்லைத் துணியால் துடைத்து வைத்தாலே போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் சோப்பில்லாமல் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வை. செம்மஞ்சள் புள்ளி தெரிந்தால் அது துரு; உப்பும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்து மறுபடி எண்ணெய் காட்டினால் போய்விடும், கல் கெட்டுவிட்டதென்று தூக்கி எறிந்துவிடாதே. புளி சேர்ந்த எதையும் அதில் வைக்காதே, படலம் கரைந்துவிடும். இண்டக்‌ஷனில் வைக்கும்போது முதல் மூன்று நான்கு நிமிடங்கள் குறைந்த அளவிலேயே சூடேற்று; சட்டென்று முழுச் சூட்டில் வைத்தால் வார்ப்பு இரும்பு விரிசல் விடக்கூடும். கண்ணாடி கீறாமலிருக்க, கல்லை இழுக்காமல் தூக்கியே நகர்த்து.

இதனுடன் மூன்று லிட்டர் குக்கர் ஒன்றும் வருகிறது. அலுமினியம் இண்டக்‌ஷனில் சூடேறாது என்பதால் எவர்சில்வரிலேயே வாங்கினேன். அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டேன். உனக்குப் பிடித்த அரிசியும் பருப்பும் சாதத்துக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு, மூன்றரை டம்ளர் நீர் என்று வைத்துக்கொள். எத்தனை பேர் வந்தாலும் பருப்பு சேர்ந்த சமையலில் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பாதே; நுரை பொங்கி ஆவி போகும் துளையை அடைத்துவிடும்.

பவானி ஜமக்காளம் ஒன்றும் வைத்திருக்கிறேன். கட்டிலும் சோபாவும் வாங்காத வீட்டில் நண்பர்கள் உட்காரவும் படுக்கவும் அது உதவும். வீடு மாறினால் மடித்து எடுத்துக்கொண்டு போகலாம். முதல் இரண்டு மூன்று துவைப்புகளில் சாயம் இறங்கலாம், சட்டைகளோடு சேர்த்துப் போடாதே.

கிரைண்டர் வாங்கவில்லை. ஒருவனுக்கு வேண்டிய ஒரு பிடி உளுந்தை இரண்டு லிட்டர் கிரைண்டரில் போட்டால், குழவிகளுக்கு அடியில் நிற்காமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மாவு பொங்கி வராது. வாரத்துக்கு எவ்வளவு மாவு செலவாகிறது என்று இரண்டு மாதம் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் சொல். கட்டில், திரைச்சீலை, வட்டல், டம்ளர் எல்லாம் உன் விருப்பம். கட்டிலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் அந்த மாடிப்படியின் திருப்பத்தை மட்டும் அளந்துகொள். மொய்யாக வந்ததை அப்பா உன் கணக்கில் போட்டுவிடுவார். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதிய நோட்டை நான் கொண்டு வருகிறேன். அவரவர் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும்.

கேஸ் அடுப்பு என்று முடிவாகும் நாளில் எழுது. அம்மிச்சியின் கல்லை நானே பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
உன் அம்மா